தசாம்சம்: ஜீவன ஸ்தானத்தின் நுண்கணக்கு

நம் ஊரில் ஜாதகம் எழுதினால் இரண்டு கட்டங்கள்தான் இருக்கும். ஒன்று ராசி, மற்றொன்று நவாம்சம். பழைய ஜாதக நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் காண்பது அரிது. கணினி ஜாதகம் வந்த பிறகுதான் பதினாறு வர்க்கக் கட்டங்களும் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன. அவற்றுள் தொழிலுக்கென்று எல்லோரும் புரட்டிப் பார்ப்பது தசாம்சம். அதைப் பார்ப்பவர்கள் பலர். எந்த அளவுக்கு நம்பலாம் என்று வரையறை வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் சிலரே. அந்த வரையறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நூல் மரபு. வராகமிகிரரின் பிருகத் ஜாதகம் ஆறு வர்க்கங்களையே எடுத்துக்கொள்கிறது. ராசி, ஹோரை, திரேக்காணம், நவாம்சம், துவாதசாம்சம், திரிம்சாம்சம் ஆகிய அந்த ஆறில் தசாம்சம் இல்லை. ஆனால் தொழிலுக்கென்றே கர்மாஜீவ அத்தியாயத்தை அவர் எழுதியிருக்கிறார். லக்னம், சந்திரன், சூரியன் ஆகிய மூன்றிலிருந்தும் பத்தாமிடத்தைப் பார். அந்தப் பத்தாம் அதிபதி எந்த நவாம்சத்தில் நிற்கிறாரோ, அந்த நவாம்ச அதிபதியின் வழியில் ஜீவனம் அமையும் என்பது அங்குள்ள முக்கிய விதி. அதாவது, தொழிலை நுணுக்கிப் பார்க்கும் வேலையை அவர் நவாம்சத்திடம் ஒப்படைத்திருந்தார். மந்திரேசுவரரின் பலதீபிகையிலும் இந்த விதி வருகிறது. அதே நூல் தச வர்க்கங்களைச் சொல்லும்போது தசாம்சத்தையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறது.

தசாம்சத்துக்குத் தனிப் பொறுப்புக் கொடுத்தது பிருகத் பராசர ஹோரா சாஸ்திரம். பதினாறு வர்க்கங்களையும் அவை ஒவ்வொன்றும் காட்டும் விஷயத்தையும் சொல்லி வரும்போது, தசாம்சத்துக்கு அது ‘மகத்பலம்’ என்ற சொல்லை வைக்கிறது. பதவி, அதிகாரம், செயலால் வரும் பெருமை எல்லாம் அதற்குள் அடங்கும் என்று பிற்காலத்தார் கொண்டார்கள். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து, குறிப்பாக டெல்லி பாரதிய வித்யா பவனில் கே.என்.ராவ் வளர்த்த பயிற்சி முறையில், உத்தியோகத்தைப் பற்றிய எந்த முடிவும் தசாம்சத்தைப் பார்க்காமல் சொல்லப்படுவதில்லை. நம் பக்கத்திலோ கிருஷ்ணமூர்த்தி பத்ததி வேறு வழியில் போனது. திருவையாற்றில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி வர்க்கக் கட்டங்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நட்சத்திரத்தையும் விம்சோத்தரி தசா விகிதத்தில் பிரித்து, பத்தாம் பாவ ஆரம்ப முனையின் உப நட்சத்திர அதிபதியிடம் தொழிலைக் கேட்டார். தேடியது ஒன்றுதான், ராசிக் கட்டத்தைவிட நுண்ணிய ஒரு அளவுகோல்.

கணக்கு எளிது. ஒரு ராசியின் 30 பாகையைப் பத்தாகப் பிரித்தால் பகுதிக்கு 3 பாகை. ஒற்றைப்படை ராசியில் நிற்கும் கிரகத்துக்கு அந்த ராசியிலிருந்தே எண்ண வேண்டும். இரட்டைப்படை ராசியில் நின்றால் அதற்கு ஒன்பதாம் ராசியிலிருந்து எண்ண வேண்டும். மேஷம் 8 பாகையில் ஒரு கிரகம் இருந்தால் அது மூன்றாம் பகுதி. மேஷத்திலிருந்து மூன்றாவதான மிதுனத்தில் அது தசாம்சம் பெறும்.

இரட்டை ராசியில்தான் கருத்து வேறுபாடு. சிலர் ஒன்பதாம் ராசியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம், பத்துப் பகுதிகளுக்கும் சொல்லப்பட்ட அதிதேவதைகள். ஒற்றை ராசியில் இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன், பிரம்மா, அனந்தன் என்று வரிசை போகும். இரட்டை ராசியில் அந்த வரிசை தலைகீழாகும். தேவதை தலைகீழானால் ராசியும் தலைகீழாக வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. நூல் தலைகீழாக்கச் சொன்னது தேவதைகளின் வரிசையை மட்டுமே. ராசிக்குத் தொடக்க இடம் ஒன்பதாமிடம் என்று சொன்னதோடு அது நின்றுவிடுகிறது. சொல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை என்பதால் நேர் எண்ணிக்கையையே நான் கொள்கிறேன். எந்த முறையைக் கொண்டாலும் சரி, ஒரு ஜாதகத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு வேறொன்று என்று மாற்றக் கூடாது.

இனி ஒரு ஜாதகத்தைப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்டது இது. சித்திரை மாதம், பௌர்ணமியை ஒட்டிய நாள், மாலை 4.45. கன்னி லக்னம் 16 பாகை 40 கலை. புதன் மீனத்தில் 22 பாகை, சூரியன் மேஷத்தில் 8, சந்திரன் துலாத்தில் 12 பாகை 30 கலை, சனி மகரத்தில் 4 பாகை.

ராசியில் பத்தாமிடம் மிதுனம். ஜீவனாதிபதி புதன் ஏழாமிடத்தில் நீசம். நீசபங்கக் கணக்கைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், எழுத்து, கணக்கு, வாணிபம் ஆகியவற்றில் விருப்பம் இருந்தும் அதில் உரிய மதிப்புக் கிடைக்காது என்று சொல்லத் தோன்றும். வராகமிகிரரின் விதிப்படி புதனின் நவாம்சத்தைப் பார்த்தால் மகரம் வருகிறது, அதிபதி சனி. சனி வழி ஜீவனம் என்றால் உடல் உழைப்பு, சுமை போன்றவற்றைத்தான் பழைய நூல்கள் சொல்கின்றன. இன்றைக்கு அதைத் தொழிற்சாலை, இரும்பு, தொழிலாளர் சார்ந்த துறை என்று விரித்துக்கொள்கிறோம். இந்த இரண்டையும் மட்டும் வைத்துப் பலன் சொன்னால், படிப்புக்கேற்ற வேலை இல்லை, சிரமப்பட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்று முடித்துவிடுவோம்.

தசாம்சம் போடுவோம். மீனம் இரட்டை ராசி. அதற்கு ஒன்பதாமிடம் விருச்சிகம். 22 பாகை எட்டாம் பகுதியில் விழுகிறது. விருச்சிகத்திலிருந்து எட்டு எண்ணினால் மிதுனம். ராசியில் நீசமான ஜீவனாதிபதி தசாம்சத்தில் ஆட்சி பெறுகிறார். சூரியனும் அதே மிதுனத்துக்கு வருகிறார். சனி மகரத்தின் இரண்டாம் பகுதியில் இருப்பதால், கன்னியிலிருந்து இரண்டாவதான துலாத்தில் உச்சம். சந்திரன் கும்பத்துக்குப் போகிறார். லக்னம் கன்னியின் ஆறாம் பகுதி. ரிஷபத்திலிருந்து ஆறாவதான துலாம் தசாம்ச லக்னம் ஆகிறது.

இப்போது செய்தி திருந்துகிறது. ராசி சொன்னது பொய்யாகிவிடவில்லை. தொழிலில் ஆரம்பத் தடையும் மதிப்புக் குறைவும் இருக்கத்தான் செய்யும். ஆனால் செய்கிற வேலையின் தரம் குறையாது. நவாம்சம் காட்டிய சனியின் துறைக்குள், புதனின் வேலையான கணக்கு, ஆவணம், சட்டப் பதிவு போன்றவற்றைச் செய்பவர் என்று சொல்லலாம். சூரியன் சேர்வதால் அரசாங்கத் தொடர்பும் கூடும். தசையைப் பொருத்திப் பார்த்தால் இன்னும் தெளியும். சந்திரன் சுவாதியில் நிற்பதால் பிறக்கும்போது ராகு தசையில் ஏறக்குறைய 10 ஆண்டுகள் மீதி. குரு தசை 26 வயது வரை, சனி தசை 45 வரை, அதன் பிறகு புதன் தசை 17 ஆண்டுகள். தசாம்சத்தில் லக்னத்திலேயே உச்சமான சனியின் தசையில் உழைப்பால் நிலைபெற்று, நாற்பத்தைந்துக்கு மேல் புதன் தசையில் தன் சொந்த அறிவுக்குரிய இடத்தை அடைவார் என்பதே இந்த மரபின்படி வரும் பலன். ராசியை மட்டும் பார்த்தவர் அந்தப் புதன் தசையை நீச தசை என்று பயமுறுத்தி அனுப்பியிருப்பார்.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிற கட்டத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. லக்னம் ஒரு பாகை நகரச் சுமார் 4 நிமிடம். ஆகவே தசாம்ச லக்னம் சுமார் 12 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். நம் உதாரணத்தில் லக்னம் 18 பாகையைத் தொட இன்னும் 1 பாகை 20 கலைதான் பாக்கி. குழந்தை பிறந்தது 4.45 அல்ல, 4.51 என்றால் தசாம்ச லக்னம் விருச்சிகமாகிவிடும். அப்போது புதனும் சூரியனும் நின்ற மிதுனம் ஒன்பதாமிடம் அல்ல, எட்டாமிடம். பாக்கியம் என்று சொன்ன இடத்தில் இடைமுறிவு, மறைவு, திடீர் மாற்றம் என்று சொல்ல வேண்டியிருக்கும். கால் மணி, அரை மணி என்று முழுசாக எழுதப்பட்ட பிறந்த நேரம் எதுவானாலும் அதில் இந்த ஐந்தாறு நிமிடச் சந்தேகம் உண்டு.

அயனாம்சமும் இதே வேலையைச் செய்யும். 1950களில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு பரிந்துரைத்த லாகிரி அயனாம்சத்துக்கும் பி.வி.ராமன் அயனாம்சத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வித்தியாசம். மூன்று பாகைப் பகுதியில் அது பாதி. ராமன் கணக்கில் நம் ஜாதகத்தின் லக்னம் விருச்சிக தசாம்சத்துக்கும், சூரியன் கடகத்துக்கும் நகர்ந்துவிடும். புதன், சனி, சந்திரன் மூவரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள கிரக ஸ்புட வேறுபாடும் இதேபோல் பகுதியை மாற்றக்கூடியது. எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம் என்று குறிப்பிடாத தசாம்சக் கட்டத்தைக் கையில் கொடுத்தால் நான் அதை வைத்துப் பலன் சொல்வதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் வரிசை ஒன்று உண்டு. கிரகத்தின் ஆட்சி, உச்சம், நீசம் பிறந்த நேரத்தின் சில நிமிடப் பிழையால் மாறாது. சந்திரன்கூட மூன்று பாகை கடக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே தசாம்சத்தில் முதலில் கேட்க வேண்டியது ராசியின் ஜீவனாதிபதிக்கு அங்கே என்ன பலம் என்பதை. பகுதியின் விளிம்பில், சில கலை தூரத்தில் நிற்கும் கிரகத்தை மட்டும் ஒதுக்கி வைக்கலாம். தசாம்ச லக்னம், அதன் பத்தாமிடம், யார் எந்த வீட்டில் என்பதெல்லாம் பிறந்த நேரத்தைச் சோதித்த பிறகே.

பராசரர் வகுத்த விம்சோபக பலத்திலும் இந்த அடக்கம் தெரிகிறது. பதினாறு வர்க்கங்களுக்கும் சேர்த்து 20 புள்ளி. அதில் ராசிக்கு மூன்றரை, நவாம்சத்துக்கு மூன்று, தசாம்சத்துக்கு அரைப் புள்ளி மட்டுமே. பத்து வர்க்கக் கணக்கில் அது ஒன்றரையாக உயரும். அங்கும் ராசிக்கு மூன்று. ராசியில் இல்லாத யோகத்தைத் தசாம்சத்தில் கண்டுபிடித்துச் சொல்வது இந்த அளவுக்குப் பொருந்தாது.

நேரத்தைச் சோதிப்பது நடந்ததை வைத்துத்தான். வேலையில் சேர்ந்த தேதி, பதவி உயர்வு, இடமாற்றம், வேலை இழப்பு என்று தேதி தெரிந்த மூன்று நான்கு நிகழ்ச்சிகளைக் கேட்டு வாங்க வேண்டும். நம் உதாரண ஜாதகருக்குச் சனி தசையில் புதன் புக்தி, சனி புக்தி முடிந்ததும் சுமார் 29 வயதில் தொடங்கி 2 ஆண்டு 8 மாதம் நடக்கும். அந்தக் காலத்தில் மேற்படிப்பாலோ பெரியவர் ஒருவரின் ஆதரவாலோ முன்னேற்றம் வந்திருந்தால் மிதுனம் ஒன்பதாமிடமாகும் துலா லக்னம் பொருந்துகிறது. வேலை முறிந்து, மறைவான விசாரணை, தணிக்கை போன்ற துறைக்கு மாறியிருந்தால் விருச்சிகத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடம் தராமல் பதில் குழப்பமாக வந்தால், வீட்டுப் பலன்களை விட்டுவிட்டு, புதன் ஆட்சி, சனி உச்சம் என்ற இரண்டை மட்டும் சொல்லி அந்த ஜாதகத்தை மூடிவிட வேண்டியதுதான்.