மழைக்குப் பின் பாத்தி
எபிக்டெட்டஸின் கையேட்டை மறுவாசிப்புச் செய்தல்

இடையஞ்சாவடியிலிருந்து கிழக்கே இறங்கிக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையின் ஓரமெங்கும் உப்பளங்கள் வெயிலில் மின்னுவதைக் காண்பர். ஒரு சித்திரை மாதத்தில், எதிர்பாராத மழை பெய்த மறுநாள் காலை, நாம் அவ்வழியே சென்றோம். வாருவதற்குப் பக்குவமாய் இருந்த உப்பு பாத்தியிலேயே கரைந்துபோயிருந்தது. வரப்பின்மேல் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, இத்தனை நாள் உழைப்பும் போயிற்றே" என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "மழைய யாரு சாமி நிறுத்த முடியும்? தண்ணிய வடிச்சிட்டு மறுபடி ஏத்த வேண்டியதுதான்" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஆயினும் சொல்லி முடித்ததும் எழுந்து மடையை நோக்கி நடந்தார்.

அன்று மாலை எபிக்டெட்டஸின் 'கையேடு' என்னும் சிறு நூலை மீண்டும் எடுத்து வாசித்தோம். அந்நூலை நாம் குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில் வாசித்திருந்தோம். ஆனால் தவறாக வாசித்திருந்தோம் என்பது இப்போதுதான் விளங்கிற்று. அந்தத் தவற்றை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எபிக்டெட்டஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எராப்பொலியில் பிறந்தவர். கொலோசையர் திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில் பவுலடியார் பெயர் குறிப்பிடும் அதே நகர் அது. அடிமையாய் வாழ்ந்து, பின்னர் விடுதலை பெற்று, உரோமையில் மெய்யியல் கற்பித்தார். தொமித்தியன் என்னும் பேரரசன் மெய்யியலாரை வெளியேற்றியபோது கிரேக்க நாட்டு நிக்கோப்பொலிக்குச் சென்று அங்கே பள்ளி நடத்தினார். தம் கையால் அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அர்ரியன் என்ற மாணவர் குறித்துவைத்த 'உரைகள்' என்னும் நூலும், அதிலிருந்து சுருக்கப்பட்ட 'கையேடும்' நமக்குக் கிடைத்துள்ளன. திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில் ஏதென்சு நகரில் பவுலடியாரோடு வாதிட்ட ஸ்தோயிக்கர் மரபைச் சேர்ந்தவர் இவர்.

கையேடு ஒரு பாகுபாட்டோடு தொடங்குகிறது. சில நம் வயத்தவை. சில நம் வயத்தவையல்ல. இதைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர் உலகத்துப் பொருள்களை இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுகிறோம். மழை, காய்ச்சல், பேருந்து தாமதம் ஆகியன ஒரு கூடையில். உழைப்பு, படிப்பு, குடும்பம் ஆகியன மறு கூடையில். முதற்கூடையை மறந்துவிடு, இரண்டாம் கூடையைக் கவனி என்பதே அவருடைய போதனை என்று கருதிக்கொள்கிறோம். நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். பலமுறை அவ்வாறே மறையுரையும் ஆற்றியிருக்கிறோம்.

ஆனால் எபிக்டெட்டஸ் தரும் பட்டியலைப் பொறுமையாய் நோக்க வேண்டும். நம் வயத்தவை என்று அவர் சொல்பவை நம் தீர்ப்பு, முனைப்பு, விருப்பு, வெறுப்பு ஆகியவையே. உடல், உடைமை, நற்பெயர், பதவி ஆகிய அனைத்தும் நம் வயத்தவையல்ல. உடலே நம் வயத்தில் இல்லையெனில், உழைப்பின் பலன் எங்ஙனம் நம் வயத்ததாகும்? உப்பளத்து வரப்பும் நம் வயத்ததன்று. அதை நன்றாகக் கட்ட வேண்டும் என்னும் தீர்மானமே நம் வயத்தது. ஆக, அவர் இழுக்கும் கோடு பொருளுக்கும் பொருளுக்கும் இடையே செல்வதில்லை. நாம் செய்யும் ஒவ்வொரு செயலின் நடுவிலும் ஊடறுத்துச் செல்கிறது. ஒவ்வொரு செயலிலும் நாம் இடுவது ஒரு பகுதி; வந்து சேர்வது மற்றொரு பகுதி.

அப்படியானால் வரப்பைக் கவனியாது விட்டுவிடலாமா? இதற்கு 'உரைகள்' இரண்டாம் நூலின் ஐந்தாம் பகுதி விடை தருகிறது. பொருள்கள் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. ஆனால் அவற்றைக் கையாளும் முறை அப்படியன்று என்கிறார் அவர். கடற்பயணம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். மாலுமியையும் ஏவலரையும் நாளையும் நேரத்தையும் தேர்வது பயணியின் கடமை. அத்தனையும் கவனத்தோடு தேர்ந்த பின் புயல் வருமாயின், அது அவருடைய வழக்கன்று, மாலுமியின் வழக்கு. தேர்வில் அசட்டையாய் இருந்துவிட்டு, புயலைக் காட்டி 'என் கையில் இல்லை' என்பவருக்கு எபிக்டெட்டஸிடம் புகலிடம் கிடையாது. சிசெரோ தம் நூலொன்றில் காட்டும் வில்லாளியின் உவமையும் இதனையே விளக்கும். குறிபார்ப்பதில் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்வதே வில்லாளியின் இலக்கு. அம்பு குறியில் தைப்பது விரும்பித் தேரத்தக்கதுதான். ஆயினும் அவன் வாழ்வின் நிறைவு அதைச் சார்ந்ததன்று.

இதை உப்பளத்தில் வைத்துப் பார்ப்போம். கடல்நீரின் அடர்த்தி உப்புமானியில் ஏறத்தாழ மூன்று டிகிரி காட்டும். அதை அகன்ற பாத்திகளில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவைத்து, படிப்படியாய் அடுத்த பாத்திகளுக்குக் கடத்துகிறார்கள். இருபத்தைந்து டிகிரியைத் தாண்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. முப்பதை நெருங்கவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிந்து தரத்தைக் கெடுக்கும். அதற்கு முன்பே அந்நீரை வெளியேற்றிவிட வேண்டும். எப்போது நீரைக் கடத்துவது, எப்போது வாருவது, வாரிய உப்பை எங்கே குவித்து எதனால் மூடுவது என்பன உழைப்பவரின் தீர்ப்புகள். வெயிலும் காற்றும் மழையும் அவருடையவை அல்ல. வாரிய குவியலை மூடாமல் விட்டு அது கரைந்தால், அங்கே தவறியது தீர்ப்பு. வாரும் பக்குவத்திற்கு ஒரு நாள் முன் மழை வந்து பாத்தி கரைந்தால், அங்கே எவரும் தவறவில்லை. இரண்டிலும் கரைந்தது உப்புதான், இழப்பும் ஒன்றே. ஆனால் மனச்சான்று இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். முதலாவதில் திருந்த வேண்டியது உண்டு. இரண்டாவதில் மீண்டும் நீர் ஏற்ற வேண்டியது மட்டுமே உண்டு. தேர்வில் தோற்ற மாணவரும், கைம்மாற்றுக் கொடுத்து ஏமாந்த இல்லத்தரசியும், பதவி உயர்வு கிட்டாத அலுவலரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: கரைந்தது குவியலா, பாத்தியா?

இனி அம்முதியவரின் தழுதழுத்த குரலுக்கு வருவோம். கலங்கியதால் அவர் எபிக்டெட்டஸின் அளவுகோலில் தோற்றவரா? அவுலுஸ் கெல்லியுஸ் என்னும் உரோமை எழுத்தாளர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். புனித அகுஸ்தினாரும் 'கடவுளின் நகரம்' ஒன்பதாம் நூலில் அதை எடுத்தாள்கிறார். இத்தாலிக்குச் சென்ற கப்பல் ஒன்று புயலில் சிக்கியது. அதில் இருந்த ஸ்தோயிக்க அறிஞர் ஒருவரின் முகம் வெளிறிற்று. புயல் தணிந்ததும் செல்வர் ஒருவர் அதைச் சொல்லி எள்ளினார். பின்னர் கெல்லியுஸ் பணிவோடு காரணம் கேட்க, அறிஞர் தம் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைகளுடைய ஐந்தாம் நூலை எடுத்துக் காட்டினார். இன்று நமக்கு எஞ்சியிருப்பவை நான்கு நூல்களே. அந்த ஐந்தாம் நூல் அழிந்துவிட்டது. அதில் கண்ட கருத்து இது: திடீரெனத் தாக்கும் தோற்றமும் அதனால் முகம் வெளிறுவதும் ஞானிக்கும் நம் வயத்தவையல்ல. 'இது உண்மையிலேயே தீமை' என்று அத்தோற்றத்திற்கு உள்ளம் அளிக்கும் இசைவே நம் வயத்தது. ஞானி வெளிறுகிறார், ஆனால் இசைவதில்லை. பேதை வெளிறுகிறார், இசைந்தும் விடுகிறார். முதியவரின் குரல் தழுதழுத்தது. கால்களோ மடையை நோக்கி நடந்தன. எபிக்டெட்டஸ் அவரைத் தம் மாணவராக ஏற்றிருப்பார் என்றே தோன்றுகிறது.

இவ்வளவு தூரம் அவரோடு நடந்துவந்த நாம், இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறோம்.

முதலாவது, பிறர் துயர். கையேட்டின் பதினாறாம் பகுதி, அழுகின்ற ஒருவரைக் கண்டால் சொல்லளவில் இரங்கு, வேண்டுமாயின் உடன் புலம்பவும் செய், ஆனால் உள்ளத்துள் புலம்பாதே என்று அறிவுறுத்துகிறது. இங்கே நம்மால் இணங்க இயலவில்லை. இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் சிந்திய கண்ணீர் வெளிவேடமன்று. அகுஸ்தினாரும் அதே நூலின் பதினான்காம் பகுதியில், அச்சமும் துயரமும் களிப்பும் நேரிய அன்பிலிருந்து எழுமாயின் அவை நோயல்ல என்று நிறுவுகிறார். நம் துயருக்கு அளவு காண உதவும் கோட்டை, பிறர் துயரிலிருந்து நம்மைப் பிரிக்கும் மதிலாக்கிவிடல் ஆகாது.

இரண்டாவது, 'நான்' என்பதற்கும் 'நாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. உப்பின் விலையும் கூலியும் தனியொரு தொழிலாளியின் வயத்தவையல்ல என்பது உண்மை. ஆனால் அவை மழையைப் போன்றவையும் அல்ல. அவற்றை முடிவு செய்வோர் மனிதரே; பலர் ஒன்றுகூடிக் கேட்டால் மாறக்கூடியவை. மழைக்கால மாதங்களில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளருக்கென அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு நிவாரணத் தொகை வழங்கத் தொடங்கியதே இதற்குச் சான்று. எபிக்டெட்டஸ் தனி மனிதனின் உள்ளத்தை நோக்கியே பேசினார். கூட்டாய்ச் செய்யத்தக்கவை பற்றி அவர் பட்டியலில் இடமில்லை. 'உன் கையில் இல்லாததற்கு ஏன் வருந்துகிறாய்?' என்று கூலி குறைந்தவனைப் பார்த்து முதலாளி சொன்னால், அச்சொல் அடிமையாய் இருந்த ஒருவரின் ஞானத்தை ஆண்டையின் சாட்டையாக்கிவிடும். அப்பாகுபாட்டை ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளலாம். பிறரை அடக்கச் சொல்லலாகாது. அது முறைதவறிப் பயன்படுகிறதா என்பதை அறிய இதுவே எளிய சோதனை.

வள்ளுவப் பெருந்தகையை இங்கே நினைவுகூர்தல் தகும். அறத்துப்பாலின் இறுதி அதிகாரமாக ஊழை வைத்து அதன் வலிமையை ஒப்புக்கொண்டவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். தெய்வத்தால் கைகூடாதாயினும் மெய்வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்றும் துணிந்து கூறினார். எபிக்டெட்டஸோ அக்கூலியும் உன் வயத்தில் இல்லை, நன்றாய் முயன்றதே கூலி என்பார். உப்பளத்து வரப்பில் நின்று பார்க்கையில் இரண்டு குரலும் தேவை என்றே எண்ணுகிறோம்: பாத்தி கரைந்த அன்றைக்கு எபிக்டெட்டஸ், கூலி கேட்கும் அன்றைக்கு வள்ளுவர்.

சில நாள்கள் கழித்து அவ்வழியே மீண்டும் சென்றோம். அம்முதியவர் உப்புமானியை நீரில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை ஐயா?" என்றோம். "பதினெட்டு சாமி. இன்னும் கொஞ்சம் வெயில் வேணும்" என்றார். வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மடையைச் சரிசெய்யக் குனிந்தார்.