ஹெக்ஸ் பலகையில் இரண்டாவது வழியின் கணக்கு

1942-ஆம் ஆண்டின் இறுதியில் கோபன்ஹேகன் நகரத்து 'பொலிட்டிகன்' நாளிதழில் பீட் ஹெய்ன் வெளியிட்டதும், சில ஆண்டுகளுக்குப் பின் பிரின்ஸ்டனில் மாணவராயிருந்த ஜான் நாஷ் தாமாகவே மீண்டும் கண்டுபிடித்ததுமான ஹெக்ஸ் என்னும் ஆட்டத்தின் விதிகளை இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடலாம். அறுகோண அறைகள் நிறைந்த சாய்சதுரப் பலகையில் இருவரும் மாறி மாறி ஒவ்வொரு காயாக வைத்துக்கொண்டு வர, கருப்பு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும், வெள்ளை இடது விளிம்பையும் வலது விளிம்பையும் தன் காய்களால் இடைவெளியின்றி இணைக்க முயல வேண்டும். வைத்த காயை நகர்த்துவதோ வெட்டுவதோ இல்லை. ஒருவருடைய இணைப்பே மற்றவருக்குத் தடையாகிவிடுவதால் சமநிலையில் முடிவதும் இல்லை.

விதி இவ்வளவு சுலபமாயிருந்தும், அடுத்த காயை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பிழையான விடையையே காண்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். விளிம்பை எட்ட இன்னும் எத்தனை காய் வேண்டும் என்று எண்ணி, எந்த வழியில் எண்ணிக்கை குறைவோ அந்த வழியில் அவர்கள் காயை வைக்கிறார்கள். எதிராளி சும்மா இருப்பாரேயானால் இந்தக் கணக்கில் யாதொரு தோஷமும் இல்லை. ஆனால் நமக்கு மிகவும் நல்ல வழி எதுவோ அதையே அவர் முதலில் அடைப்பார் என்பதால், அடைபட்ட பின் எஞ்சுகிற இரண்டாவது வழியின் நீளமே நமது உண்மையான தூரம்.

இதை ஐந்துக்கு ஐந்து பலகையில் பார்ப்பது உத்தமம். இடமிருந்து வலமாக நிரல்களை அ, ஆ, இ, ஈ, உ என்றும், மேலிருந்து கீழாக வரிசைகளை 1 முதல் 5 வரை என்றும் குறித்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையும் அதற்கு மேலுள்ளதைவிட அரை அறை வலப்புறம் தள்ளி அமைந்திருக்கும். ஆகவே நடுவறையாகிய இ3-க்கு மேலே இ2, ஈ2, பக்கங்களில் ஆ3, ஈ3, கீழே ஆ4, இ4 என ஆறு அறைகள் அண்டையாகின்றன. கருப்பு முதல் காயை இ3-இல் வைக்கிறது என்று கொள்வோம்.

இப்போது பாலம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இ3-இலும் ஈ4-இலும் கருப்புக் காய்கள் இருந்தால் அவை ஒன்றையொன்று தொடவில்லை. எனினும் அவற்றுக்குப் பொதுவான இ4, ஈ3 என்னும் இரண்டு அறைகளும் காலியாயிருக்கும் வரையில் அவை இணைந்தவையே. இரண்டு வாசலுள்ள வீட்டில் ஒரு வாசலைப் பூட்டினால் மற்றதன் வழியே வெளியேறுவதைப்போல, வெள்ளை ஒன்றில் புகுந்தால் கருப்பு மற்றதை நிரப்பிக்கொள்ளும். விளிம்புக்கும் இதே நியாயம்தான்: நான்காம் வரிசையில் ஈ4-இல் நிற்கும் காய் இ5, ஈ5 இரண்டும் காலியாயிருந்தால் கீழ் விளிம்பை அடைந்துவிட்டதாகவே கொள்ளலாம்.

இ3-இலிருந்து கீழே இறங்கக் கருப்புக்குள்ள வழிகளை, ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த அறைகள் தேவை என்பதோடு எழுதிப் பார்ப்போம். இ4-இல் காய் வைத்தால் விளிம்புக்கு ஆ5, இ5 இரண்டும் வேண்டும். ஆ4-இல் வைத்தால் அ5, ஆ5 வேண்டும். இவ்விரு வழிகளுக்கும் பொதுவான அறை ஒன்றே ஒன்று, ஆ5. எனவே இரண்டையும் ஒரே காயால் கெடுக்க விரும்புகிற வெள்ளைக்கு வேறு இடம் கிடையாது. ஆட்டம் தெரிந்த வெள்ளை அங்கேதான் வைப்பார்.

வைத்துவிட்டார் என்று கொள்வோம். காய்களை மட்டும் எண்ணுகிறவருக்கு இ4, இ5 என்று இரண்டு காய்களில் முடிகிற வழி இன்னும் தென்படும். ஈ4 வழியாகப் போனால் ஈ4, அதை இ3-உடன் சேர்க்கும் ஒரு காய், விளிம்பில் ஒரு காய் என மூன்று ஆகும். மூன்றைவிட இரண்டு குறைவு என்று நம்பி அவர் இ4-இல் வைத்தால், வெள்ளை உடனே இ5-இல் வைத்துவிடும். கையில் இருந்த வெற்றியை வேறெங்கேனும் திரும்பத் தேட வேண்டிய நிலை வரும். ஈ4-இல் வைக்கிறவருக்கோ மேலே இ4, ஈ3, கீழே இ5, ஈ5 என்று இரண்டு ஜோடிகள் காலியாக இருக்கின்றன. இந்த ஜோடிகளுக்குள் பொதுவான அறை ஏதும் இல்லாமையால், வெள்ளை எங்கே புகுந்தாலும் ஒரு ஜோடியைத்தான் தொட முடியும். எண்ணிக்கையில் நீண்ட வழியே இங்கு நிச்சயமான வழி.

மேல்பாதியில் இந்த அமைப்பு அப்படியே தலைகீழாக நிற்கிறது. வெள்ளையின் ஒரே நல்ல இடம் ஈ1. கருப்பின் பதில் ஆ2. கீழ்ப்பாதி ஈ3-ஐயும் மேல்பாதி ஆ3-ஐயும் பயன்படுத்துவதால் ஒன்று மற்றொன்றின் அறைக்குள் நுழைவதில்லை. ஆகவே இந்தச் சிறிய பலகையில் முதல் காய் நடுவில் விழுந்த கணமே ஆட்டம் முடிந்துவிட்டது எனலாம். முதல் காயைக் கண்டபின் அதைத் தனதாக்கிக்கொள்ளும் உரிமையை இரண்டாமவருக்கு அளிக்கும் மாற்று விதி ஏன் தேவைப்பட்டது என்பதும் இதனால் விளங்கும்.

பதினொன்றுக்குப் பதினொன்று பலகையில் இவ்விதம் கடைசிவரை படிக்க எவராலும் இயலாது. அங்கேதான் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் யாக் ஃபான் ரைஸ்வைக் தமது 'குவீன்பீ' நிரலுக்காக வகுத்த இரண்டாம் தூரம் என்ற அளவு உதவுகிறது. ஓர் அறையின் தூரத்தைக் காண அதன் அண்டைகளில் மிகக் குறைந்த எண்ணை விட்டுவிட்டு, இரண்டாவது குறைந்த எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு காலி அறைக்கும் நமது இரு விளிம்புகளுக்கான தூரத்தைக் கூட்டி, எதிராளிக்கும் அதேபோல் கூட்டினால், இரு தொகைகளும் சிறுத்திருக்கும் அறையே அடுத்த காய்க்குத் தகுந்த இடம். நமக்குப் பாதையாகவும் அவருக்குத் தடையாகவும் ஒருங்கே பயன்படுவது அதுவே.

ஆயினும் இந்த அளவு ஒரு விஷயத்தைக் காண்பதில்லை. இ3-க்குக் கீழே ஆ4, இ4 என்று சமமான இரண்டு வழிகள் இருப்பதைக் கண்டு அது திருப்தி அடைந்துவிடும். இரண்டும் ஆ5 என்ற ஒரே அறையை நம்பியிருக்கின்றன என்பது எண்ணில் தெரியாது. நம்மைக் காத்தது ஈ4 என்ற மூன்றாவது வழி. வெள்ளை ஆ5-க்குப் பதிலாக முதலில் ஈ3-இல் வைத்திருந்தால் ஈ4-க்குச் செல்லும் பாலம் உடைந்திருக்கும். அப்போதும் எண் மாறுவதில்லை. எண்ணை நம்பிக் கருப்பு வேறெங்கோ ஆடப் போனால், அடுத்த காயாக ஆ5 விழும். ஆகவே ஈ3-இல் வெள்ளை விழுந்தவுடன், முன்பு பிழையாயிருந்த அதே இ4-இல் கருப்பு வைக்க வேண்டும். இம்முறை ஆ5, இ5 இரண்டும் காலியாகவே இருக்கின்றன.