டிரிங்கிங் காஃபி எல்ஸ்வேர் (சிறுகதை)

'டிரிங்கிங் காஃபி எல்ஸ்வேர்' அமெரிக்க எழுத்தாளர் இசட். இசட். பேக்கர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதை. தலைப்பை 'வேறெங்கோ காபி அருந்துதல்' எனத் தமிழில் சொல்லலாம். 2000-ஆம் ஆண்டு 'தி நியூயார்க்கர்' இதழில் வெளிவந்தது. இதே தலைப்பில் 2003-இல் வெளிவந்த பேக்கரின் முதல் தொகுப்பில் இடம்பெற்றது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் விடுதியில் நிகழும் இக்கதை, தினா, ஹெய்டி என்னும் இரு மாணவிகளின் நெருக்கம் நட்பைத் தாண்டி வளர்வதையும், அதை ஒருத்தி ஏற்க மற்றவள் மறுப்பதையும் சொல்கிறது.

ஆசிரியர்

பேக்கர் 1973-இல் சிகாகோவில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். விடுதி அறை, உணவுக்கூடம், புதுமுக மாணவர் கூட்டம் ஆகியவை கதையில் வெளியாளின் வியப்போடு அல்லாமல் உள்ளிருந்து பார்த்தவரின் எள்ளலோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதைச்சுருக்கம்

தினா, பால்டிமோர் நகரின் வறிய பகுதியிலிருந்து வந்த கறுப்பின மாணவி. தாயை இழந்தவள். புதுமுக மாணவர்களுக்கான அறிமுக விளையாட்டில், ஏதாவது ஒரு பொருளாக மாறுவதானால் எதுவாக மாறுவீர்கள் என்ற கேள்விக்குத் தான் ஒரு கைத்துப்பாக்கியாக இருப்பேன் என்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது. நிர்வாகம் பதறுகிறது. அவளுக்குத் தனி அறை ஒதுக்கப்படுகிறது. டாக்டர் ரேபர்ன் என்னும் மனநல மருத்துவரை அவள் தவறாமல் சந்திக்க வேண்டும் என்றும் விதிக்கப்படுகிறது.

யாரையும் அண்டவிடாமல், ராமென் நூடுல்ஸ் தின்று அறைக்குள்ளேயே கிடக்கும் தினாவின் கதவை ஒருநாள் அழுதுகொண்டே தட்டுகிறாள் ஹெய்டி. அவள் கனடாவின் வான்கூவரிலிருந்து வந்த வெள்ளையின மாணவி. எரிச்சலோடு திறக்கப்பட்ட அந்தக் கதவு பிறகு ஹெய்டிக்கு மூடப்படுவதில்லை. இருவரும் விடுதி உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்கிறார்கள். நெருக்கம் வளர்கிறது. ஹெய்டி தன்னைத் தன்பாலீர்ப்பு கொண்டவள் என வெளிப்படையாக அறிவித்துக்கொள்கிறாள். அதோடு தினா விலகத் தொடங்குகிறாள். ஹெய்டியின் தாய் இறக்கும்போதும் அவளுடன் வான்கூவருக்குப் போவதில்லை. தினா பால்டிமோருக்கே திரும்பிவிட, அவளுடைய கற்பனையில் நிகழும் ஒரு சந்திப்போடு கதை முடிகிறது.

சொல்முறை

கதையைத் தன்மையில் சொல்பவள் தினா. அவள் பொய் சொல்பவள். மற்றவர்களிடம் மட்டுமல்ல, தன்னிடமும். எனவே இக்கதையில் 'உணர்தல்' என்பது தினா வாய்திறந்து ஒப்புக்கொள்ளும் ஒன்றாக எங்கும் வருவதில்லை. வாசகருக்கு அது முதலில் தெரிந்துவிடுகிறது. தினா பின்னால் வருகிறாள், அதுவும் முழுமையாக வந்து சேர்வதில்லை.

இதற்குப் பேக்கர் கையாளும் வழி எளியது. தினா தன் உணர்வைப் பற்றிப் பேசும் இடங்களில் கேலியாக ஏதாவது சொல்லித் தப்பிவிடுகிறாள். ஆனால் எதைப் பார்க்கிறாள் என்பதை அவளால் மறைக்க முடிவதில்லை. ஹெய்டியின் உருவத்தை முதலில் அவள் இரக்கமின்றி வருணிக்கிறாள். அந்த இரக்கமின்மை கதை நகர நகரத் தேய்ந்துபோகிறது. உலகத்தில் எவரையும் பிடிக்காது என்பவள், ஒருத்தியை மட்டும் இவ்வளவு நுணுக்கமாகக் கவனிப்பது ஏன் என்ற கேள்வி வாசகருக்கு எழுந்துவிடுகிறது. கதையை முதல்முறை படிக்கும் மாணவர்கள் தினாவின் நகைச்சுவையிலேயே மயங்கி இதைத் தவறவிடுவது உண்டு. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் முந்தைய வாக்கியம் எதைப் பற்றியது என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் அங்கே தினாவுக்கு வலிக்கும் ஏதோ ஒன்று இருக்கும்.

பாத்திரம் கழுவும் அறைக் காட்சி இதற்கு நேர்மாறானது. எச்சில் தட்டுகளும் ஈரமும் நிறைந்த அந்த அறையில், வேலை முடிந்தபின் ஹெய்டி உடைகளைக் களைந்து, பாத்திரம் கழுவும் குழாயிலேயே குளிக்கிறாள். தண்ணீரைப் பீய்ச்சுபவள் தினா. காதல் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமற்ற இடம் கிடைக்காது. அதனால்தான் காட்சி நம்பும்படி இருக்கிறது. இருவருக்கும் அது விளையாட்டு என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. விளையாட்டு அல்ல என்பதும் இருவருக்கும் தெரிகிறது. பேக்கர் இங்கே விளக்கம் எதுவும் தருவதில்லை.

தலைப்பும் மறுப்பும்

இக்கதையை இனப் பாகுபாட்டுக் கதையாகவோ, தன்பாலீர்ப்பை ஏற்கும் கதையாகவோ மட்டும் படிப்பவர்கள் தலைப்பை விட்டுவிடுகிறார்கள். தாயின் இறுதிச் சடங்கு நாள் காலையில், வயிற்றைச் சமன்படுத்தத் தினாவுக்குப் பால் தரப்படுகிறது. அவள் அதைக் காபி என்று பாவித்துக்கொள்கிறாள். அரபு பேசும் ஏதோ ஒரு நாட்டில், சிறு கோப்பையில் தரும் கெட்டியான காபியைத் தான் குடித்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்கிறாள். உடம்பு அங்கே இருக்க, மனம் வேறெங்கோ போய்விடுகிறது.

அன்று கைகொடுத்த அந்த வித்தைதான் பின்னர் அவளுடைய வாழ்க்கைமுறை ஆகிறது. பால்டிமோரில் மளிகைப் பைகளோடு வந்தபோது உதவ முன்வந்த, நல்ல காலணி அணிந்த ஒரு பையனிடம் தன் வீட்டைக் காட்ட வெட்கப்பட்டு விலகியவள் அவள். மருத்துவரிடம் பேசும்போது நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி அவள் சொல்வதில்லை. ஆளுக்கொரு கதையைப் பழம் பங்கிடுவதுபோல் அவள் பங்கிடுவதாக ரேபர்ன் சொல்லிக் காட்டுகிறார். அவள் செய்வது பாசாங்கு என்றும், அதற்கு மறுப்பு என்றொரு துறைப்பெயர் உண்டு என்றும் அவர் சொல்லும்போது, தன்னைத் தன்பாலீர்ப்பு உள்ளவள் என்கிறாரா என்று தினா சட்டென்று கேட்கிறாள். மருத்துவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறைக்க நினைத்ததை அவளே மேசைமேல் வைத்துவிடுகிறாள். கதையின் மிகச் சிறந்த இடம் இது.

இதன்பின் ஹெய்டியின் தாய் இறப்பது வெறும் திருப்பமாகத் தோன்றாது. வான்கூவருக்குப் போனால் தினா இரண்டு விஷயங்களை ஒன்றாகச் சந்திக்க வேண்டும்: அழாமல் விட்ட தன் தாயின் மரணம், சொல்லாமல் விட்ட தன் அன்பு. இரண்டுக்கும் அவள் போட்டிருப்பது ஒரே பூட்டுத்தான். ஹெய்டியை அவள் கைவிடுவது வெறுப்பினால் அல்ல என்பது இதனால் விளங்குகிறது. அது கொடுமையான செயல் என்பதும் மாறுவதில்லை. பேக்கர் அவளை மன்னிக்க அவசரப்படவில்லை.

மதிப்பீடு

கதையில் குறை இல்லாமல் இல்லை. ரேபர்னின் விளக்கம் சற்று அதிகமாகவே பொருந்துகிறது. வாசகர் தானே கண்டடைய வேண்டியதை அவர் சொல்லிவிடுகிறார். ஹெய்டியும் தினாவின் கண் வழியாகவே தெரிவதால், தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. முதலில் கதவைத் தட்டி அழுதவள் எப்படி ஊரறியச் சொன்னாள்? அந்தப் பயணம் ஒரு தனிக்கதைக்குப் போதுமானது.

ஆயினும் இருவரும் ஒரே வேகத்தில் உணர்வதில்லை என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கதைகள் குறைவு. ஒருத்திக்கு விடுதலையாக இருக்கும் அதே சொல் மற்றவளுக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கிறது. ஹெய்டி இழக்கக்கூடியதும் தினா இழக்கக்கூடியதும் ஒன்றல்ல. வறுமையிலிருந்து வந்து, ஏற்கெனவே நிறத்தாலும் ஒரு சொல்லாலும் தனியறைக்கு ஒதுக்கப்பட்டவள், தன்மேல் இன்னொரு பெயரை ஒட்டவிட அஞ்சுவது இயல்பு. இறுதியில் பால்டிமோரில் இருந்துகொண்டு ஹெய்டியைச் சந்திப்பதாகத் தினா கற்பனை செய்கிறாள். இம்முறையும் அவள் வேறெங்கோதான் போகிறாள். ஆனால் இப்போது அங்கே ஹெய்டி இருக்கிறாள்.