இரவில் வரும் காலை வணக்கம்

கும்பகோணத்தில் காலை ஆறு மணிக்கு அம்மா அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' நியூ ஜெர்சிக்குப் போய்ச் சேரும்போது அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. குளிர்காலமென்றால் ஏழரை. செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன், சனிக்குப் பெருமாள் என்று கிழமை பார்த்துத்தான் படம் போகும். ஆனால் மகன் வெள்ளிக்கிழமை அம்மனைத் தரிசிப்பது வியாழன் இரவு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

படத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். அவர் பார்ப்பது டிக்கைத்தான். ஒற்றை டிக் என்றால் அவன் போனுக்கு இன்னும் போகவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்விட்டது. நீலமானால் திறந்துவிட்டான், அப்பாடா. சில பிள்ளைகள் அந்த நீலத்தை அணைத்து வைத்துவிடுகிறார்கள். பெற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அதற்கும் ஒரு வழி உண்டு. குரல் பதிவாக அனுப்பினால், அவன் கேட்டதும் மைக் படம் நீலமாகிவிடும். அதை அணைக்க முடியாது.

பதிலாகக் கட்டைவிரல் வரும், கும்பிடு வரும். அவை வருகைப்பதிவேட்டுக் கையெழுத்து மாதிரி. ஆள் இருக்கிறான், அவ்வளவுதான். "லவ் யூ அம்மா"கூட அன்னையர் தினத்தன்று வந்துவிடும். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்க் காட்டுவது வேறு: "வத்தக்குழம்பு ரொம்பப் புளிச்சுப்போச்சும்மா, இப்ப என்ன பண்றது?"

கொஞ்சம் வெல்லம் போடச் சொல்ல ஒரு வரி போதும். அம்மா நாலு நிமிஷம் பேசி அனுப்புகிறார்.