நீலத்துக்கு மஞ்சள் துணை

டெக்சாஸில், பியர்லாந்து மீனாட்சி கோயிலின் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கதை தோன்றும். சாரத்தில் நின்று சுதை உருவங்களுக்கு வண்ணம் பூசும் பையன் கேட்கிறான்: "அண்ணே, பெருமாள் நீலம், ராஜா மட்டும் ஏன் மாநிறம்?" அண்ணன் பதில் சொல்லாமல் கிண்ணத்தை நீட்டுகிறார். மஞ்சள், காவி, கொஞ்சம் வெள்ளை. குழைத்தால் ராஜாவின் தோல். மண்ணின் நிறம், மனிதனின் நிறம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களிலும் மஞ்சள் மண்ணும் செம்மண்ணும் உண்டு.

நீலம் அப்படிப் பணிந்து போகாது. டப்பாவிலிருந்து அப்படியே பூசினால் சுதை உருவம் தட்டையாகி, கீழிருந்து பார்ப்பவருக்கு வெறும் நீலத் திட்டாகத் தெரியும். அதனால் வெள்ளை கலந்து இளக்கி, முதல் பூச்சு. காய்ந்தபின் கழுத்து மடிப்பிலும் விரலிடுக்கிலும் அடர்நீலம். மூக்குத் தண்டிலும் கன்னத்திலும் மெல்லிய வெளிர்நீலம். பின்னால் டெக்சாஸ் வானமும் நீலம்; மேனி அதில் கரைந்துவிடக் கூடாது. இடுப்பில் மஞ்சள் பட்டு ஏறியதும் நீலம் சட்டென்று உயிர்பெறுகிறது. ஓரத்துக்கு ஒரு கருங்கோடு. தூரிகை சரசரக்கும் சத்தம்கூட அப்போது மெதுவாகிவிடும், கை நடுங்கக் கூடாதே! மேகவண்ணன் என்பதால் நீலம் என்று ஒரு வரியில் விளக்கிவிடலாம்தான். ஆனால் செம்மேனிச் சிவனும் பச்சை மீனாட்சியும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். பையன் அடுத்து அதைத்தான் கேட்பான். அண்ணன் அதற்குள் பச்சை டப்பாவைத் திறந்துவிட்டார்.