கூட்டுப் பிணை என்ற சுமை: பெண்களின் குழுக்கடன் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் பகுதியில் குழுக்கடன் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வருகிற பதில், “அது வட்டிதானே, ஹராம்தானே” என்பதுதான். அந்தப் பதிலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைச் சொன்னவுடன் பேச்சு முடிந்துபோகிறது. வட்டியை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் சரிதானா என்ற கேள்வியை நாம் கேட்பதேயில்லை. கூட்டுப் பிணையையும் கிழமைத் தவணையையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இப்போது நம்மவர்களே வட்டியில்லாக் கடன் திட்டங்களைத் தொடங்குவதால் இது அவசியமாகிறது.

முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். நான்கைந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. சில குழுக்கள் சேர்ந்தால் ஒரு சென்டர். கிழமையில் ஒரு நாள், பெரும்பாலும் காலையில், சென்டர் தலைவியின் வீட்டு முற்றத்தில் கூட்டம் நடக்கும். கம்பனியின் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒவ்வொரு குழுவின் காசும் முழுமையாகச் சேர வேண்டும். ஒருத்தியின் காசு குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பும்வரை யாரும் எழும்ப முடியாது. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் உம்மா சொன்ன வார்த்தை இது: “காச வச்சாத்தான் எழும்பலாம் எண்டு சொல்லுவாங்க டீச்சர். அடுப்புல சோறு கிடக்கும், புள்ள ஸ்கூல் உட்டு வந்து நிக்கும். நாம முத்தத்துல இரிப்பம்.”

அந்த ராத்தாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் நெல் அவித்து விற்பவர். 2017 ஆம் ஆண்டு, சிறுபோக அறுவடைக் காலத்தில் 50,000 ரூபா கடன் எடுத்தார். பத்திரச் செலவு, காப்புறுதி என்று 1,500 ரூபா கழித்து 48,500 கைக்கு வந்தது. கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். மொத்தம் 65,000. “வருசத்துக்கு முப்பது வீதம்” என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அவர் ஐம்பதாயிரத்தையும் வருடம் முழுக்க வைத்திருக்கவில்லை. அடுத்த கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். குறைந்துகொண்டு போகும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 54 வீதம். கழித்த 1,500 இதில் சேரவில்லை.

அந்தக் காசில் பதினாறு மூட்டை நெல் வாங்கினார். நெல்லை ஊறவைத்து, அவித்து, வெயிலில் காயவைத்து, மில்லில் குற்றி விற்றால் மூட்டைக்கு 300 ரூபா மிஞ்சும். வெயில் உள்ள கிழமையில் ஐந்து மூட்டை முடியும். அதாவது 1,500 வரும். தவணை 1,250 போக 250 மிஞ்சும். இப்படி மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கம்பனியின் ஏட்டில் அவர் மிகச் சிறந்த வாடிக்கையாளர்.

மார்கழியில் அடைமழை பிடித்தது. கிழக்கில் இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். மாரியில் நெல் காயாது. அவித்து வைத்திருந்த ஐந்து மூட்டையும் வாடை பிடித்துக் கோழித்தீனுக்குப் போனது. மீதி மூட்டைகளைத் தொட்டால் தொழிலே நின்றுவிடும் என்று வைத்திருந்தார். முதல் கிழமை கையில் இருந்ததைக் கட்டினார். இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் குழுவில் இருந்த மற்ற மூவரும் ஆளுக்கு நானூறு ரூபாவுக்கு மேல் போட்டு நிரப்பினார்கள். நான்காம் கிழமை அவர்களாலும் முடியவில்லை. ஒருத்தி இடியப்பம் விற்பவள், ஒருத்தி தையல்காரி, மற்றவளின் புருசன் கடலுக்குப் போகிறவர். மழை அவர்களையும் விடவில்லை.

கூட்டுப் பிணையின் கோட்பாட்டிலுள்ள பெரிய ஓட்டை இங்கேதான் தெரிகிறது. ஒரே ஊரில், ஒரே பருவத்தில் வாழ்கிறவர்களுக்கு நட்டமும் ஒரே நேரத்தில்தான் வரும். ஒருத்தி விழுந்தால் மற்றவர்கள் தூக்குவார்கள் என்ற எண்ணம், நோய் நொடி போன்ற தனி ஆபத்துகளுக்குப் பொருந்தலாம். மழைக்கும் வரட்சிக்கும் பொருந்தாது.

அடுத்து நடந்தது ஊரெல்லாம் நடந்த கதைதான். சென்டர் தலைவியே வேறொரு கம்பனியைக் காட்டினார். 30,000 ரூபா கடன், கிழமைக்கு 750. இரண்டு தவணையும் சேர்ந்து 2,000. நல்ல வெயில் கிழமையிலும் அவர் உழைப்பது 1,500தான். அந்த நாளிலிருந்தே கணக்கு முறிந்துவிட்டது. ஆனால் ஏட்டில் ஒரு தவணைகூடப் பிந்தவில்லை. திங்கட்கிழமைக் கடனை வியாழக்கிழமைக் கடன் கட்டியது. அதுவும் தீர்ந்தபோது காதில் கிடந்தது போனது. குழுவில் இருந்த மூவரில் ஒருத்தி அவருடைய சொந்த மச்சி. இன்றைக்கும் அவர்கள் இருவரும் முகம் பார்ப்பதில்லை.

“நூற்றுக்கு நூறு அறவீடு” என்ற எண்ணை வைத்து இத்திட்டங்களைப் புகழ்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டியது யார்? தவணைப் புத்தகத்தில் தொகைக்கு ஒரு நிரல் இருக்கிறது. யார் தந்தார், எதை விற்றுத் தந்தார் என்பதற்கு நிரல் இல்லை. வறுமை குறைகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. நெருக்குதல் வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஒரு பெண் கிழமையில் இரண்டு நாள் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினால், ஏடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அவள் மூழ்குகிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2018 இல் அரசு தந்த நிவாரணத்திலும் இதே ஓட்டை இருந்தது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன், மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் இருந்தால் தள்ளுபடி என்றார்கள். கட்டாதவளுக்குக் கைகொடுத்தது நல்ல காரியம். ஆனால் இன்னொரு கடன் எடுத்தோ நகையை விற்றோ கட்டியவள் நிலுவையில் இல்லை. அவளுக்காகக் கட்டிய குழுக்காரிகளும் கணக்கில் இல்லை. பின்னர் மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு கொண்டுவந்தது. அது வட்டியைத் தொட்டது, முற்றத்துக் கூட்டத்தைத் தொடவில்லை. 2021 மார்ச் 8 ஆம் திகதி ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் குந்தியது இந்தப் பின்னணியில்தான்.

இம்முறைக்கு நியாயம் சொல்வோரையும் கேட்க வேண்டும். உறுதிக் காணியோ பிணை நிற்க உத்தியோகத்தரோ இல்லாத பெண்ணுக்கு எந்த வங்கி கடன் தரும்? குழுதானே அவளுடைய பிணை? பொருளியலாளர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1990 இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே. வங்கியால் பார்க்க முடியாததை அயல்வீட்டாரால் பார்க்க முடியும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் பார்ப்பதும், விசாரிப்பதும், வசூலிப்பதும் கம்பனி சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகள். அவை சம்பளமில்லாமல் பெண்கள் தலையில் இறங்குகின்றன. அந்தச் செலவு மிச்சமான பிறகும் வட்டி 54 வீதம் என்றால், மிச்சம் யாருக்குப் போனது?

தவிர, குழுப் பிணை இல்லாவிட்டால் காசு திரும்பாது என்பதும் உறுதியான உண்மையல்ல. பிலிப்பைன்சில் ஒரு வங்கியின் சென்டர்களை கூட்டுப் பிணையிலிருந்து தனிப் பிணைக்கு மாற்றி ஜினே, கார்லன் ஆகிய இருவர் ஆராய்ந்தார்கள். அறவீடு குறையவில்லை. பங்களாதேஷில் இம்முறையை உலகப் புகழுக்குக் கொண்டுவந்த கிராமீன் வங்கியே பின்னாளில் தன் விதிகளைத் தளர்த்தி, தவணையை மாற்றியமைக்க இடம் கொடுத்தது. ஆசான் விட்டதை நம் நாட்டுக் கம்பனிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

கிழமைத் தவணைக்கும் இதேபோல் ஒரு நியாயம் சொல்வார்கள்: சிறு தொகை, கட்ட இலேசு. நாள் வருமானம் உள்ள இடியப்பக்காரிக்கு இது உண்மை. கொல்கத்தாவில் நடந்த ஆய்வொன்றில் கிழமைக்குப் பதில் மாதத் தவணை கொடுத்தபோது, கட்டுவது பற்றிய கவலையும் பதற்றமும் பெண்களிடம் பாதியளவாகக் குறைந்தன. அறவீடு கெடவில்லை. அதே ஊரில் முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தபோது தொழிலும் இலாபமும் கூடின. ஆனால் கட்டாமல் விட்டோர் தொகையும் கூடியது. ஆகவே அவகாசம் கொடுப்பவர் அந்த நட்டத்துக்கும் ஒதுக்கிவைக்க வேண்டும். இதை மறைத்துப் பேசக்கூடாது.

இப்போது நம்மிடம் வருகிறேன். பள்ளிவாசல் சார்ந்தும் பெண்கள் சங்கம் சார்ந்தும் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் படிவத்தைப் பார்த்தேன். வட்டி இல்லை. ஆனால் ஐந்து பேர் குழு, கிழமைத் தவணை, குறைந்தால் மற்றவர் போட வேண்டும் என்பதெல்லாம் அப்படியே இருந்தன. அந்த ராத்தாவின் கணக்கில் வட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள். 50,000த்தை 52 ஆல் வகுத்தால் கிழமைக்கு 962 ரூபா. மார்கழி மழையில் அவரால் இதையும் கட்ட முடிந்திராது. முற்றத்தில் அதே இருப்புத்தான், மச்சியோடு அதே முறிவுதான்.

நம் பிக்ஹில் பிணை நிற்றல், அதாவது கபாலா, ஒருவர் விரும்பிச் செய்யும் உபகாரம். பிணை நிற்காவிட்டால் உனக்கும் கடன் இல்லை என்று வாங்கும் கையொப்பத்தில் அந்த விருப்பம் எங்கே இருக்கிறது? கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் சூரா பகராவின் 280 ஆம் வசனத்தை வட்டி பற்றிய வசனங்களோடு சேர்த்தே ஓதுகிறோம். வட்டியை விட்டவர்கள் அவகாசத்தையும் கொடுக்க வேண்டாமா?

ஆகவே கடன் கொடுக்கும் சங்கங்களிடம் மூன்று விசயம் கேட்கிறேன். தவணையைத் தொழிலோடு கட்டுங்கள்: நெல் அவிப்பவருக்கு மாரியில் தவணை வேண்டாம், அறுவடைக்குப் பின் கூட்டி வாங்குங்கள். பிணை நிற்பவரின் பொறுப்புக்கு ஓர் எல்லை வையுங்கள். ஒன்றிரண்டு தவணைக்கு மேல் போனால் சங்கத்தின் ஒதுக்கு நிதி ஏற்கட்டும். தவணைப் புத்தகத்தில் “கட்டியது யார்” என்று இன்னொரு நிரல் கீறுங்கள். மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஆனால் அந்த நிரலில் அடுத்தவர் பெயர் இரண்டு முறை வந்தாலே, ஒருத்தி வியாழக்கிழமைக் கடனைத் தேடிப் போகுமுன் நமக்குத் தெரிந்துவிடும்.