எந்த நூற்றுக்கு?

"தமிழ்நாட்டில் நடக்கும் சிசேரியன்களில் 64 சதவீதம் தனியார் மருத்துவமனைகளில் நடக்கின்றன."

வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. எண்ணும் இட்டுக்கட்டியது இல்லை, அரசு அறிக்கையில் இருக்கும் எண்தான். தனியார் மருத்துவமனைகள் மீது நமக்கு ஏற்கெனவே இருக்கும் கோபத்தோடும் பொருந்திப்போகிறது. ஆனால் வாக்கியம் தப்பு. அதுவும் கொஞ்சநஞ்சத் தப்பு இல்லை. உண்மையில் அந்த சிசேரியன்களில் பாதிக்கும் மேல் நடந்தது அரசு மருத்துவமனைகளில்.

புள்ளிவிவர அறிக்கைகளைத் தமிழாக்கும்போது எண்களை யாரும் மாற்றி எழுதுவதில்லை. எண் அப்படியே இருக்கும், அது எதைப் பற்றிய எண் என்பது மட்டும் மாறிவிடும். பிழைதிருத்துபவர் மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 63.8க்கு எதிரே 63.8 இருக்கும், டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். கதையில் ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தால் அடுத்த பத்தியிலாவது இடிக்கும். அட்டவணையில் எங்கும் இடிக்காது.

மேலே உள்ள எண் தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றிலிருந்து வருகிறது. 2019-21இல் நடந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 25,650 பெண்களிடம் பேசியிருக்கிறார்கள். மாநிலத்துக்கான தகவல் தாளில் சிசேரியன் பற்றி மூன்று வரிகள் அடுத்தடுத்து வரும். மொத்தப் பிறப்புகளில் சிசேரியன் 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைப் பிறப்புகளில் 63.8. அரசு மருத்துவமனைப் பிறப்புகளில் 36.0.

இரண்டாவது வரியை ஆங்கிலத்தில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'பிறப்புகள்' என்ற சொல் முதலில் வந்து நிற்கிறது. அதை ஒட்டி, அவை தனியார் மருத்துவமனையில் நடந்தவை என்ற விவரம். கடைசியில்தான், அவற்றில் சிசேரியன் ஆனவை என்ற நிபந்தனை. எந்தக் கூட்டத்தை நூறாக வைத்துக்கொள்வது, அதிலிருந்து எதை எண்ணுவது என்ற வரிசை சொற்களின் வரிசையிலேயே இருக்கிறது.

தமிழில் அடைமொழிகள் எல்லாம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து குவியும். கவனமில்லாமல் எழுதினால் இப்படி ஆகும்: "தனியார் மருத்துவமனைகளில் சிசேரியன் மூலம் நடந்த பிரசவங்கள் 63.8 சதவீதம்." இதை மூன்று விதமாகப் படிக்கலாம். மாநிலத்தின் எல்லாப் பிரசவங்களிலும் 63.8 சதவீதம் என்று ஒருவர் படிப்பார். எல்லா சிசேரியன்களிலும் 63.8 சதவீதம் என்று இன்னொருவர். தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் என்று மூன்றாமவர். சரி மூன்றாவதுதான். ஆனால் வாக்கியத்துக்குள் அவருக்கு ஆதரவாக எதுவும் இல்லை. இதை எடுத்து இன்னும் 'தெளிவாக' எழுத நினைக்கும் அடுத்த ஆள் இரண்டாவது பொருளைத் தேர்ந்தெடுத்தால், நாம் தொடங்கிய வாக்கியம் பிறந்துவிடும்.

எது சரி என்று அதே தகவல் தாளை வைத்தே கண்டுபிடிக்கலாம். அரசு மருத்துவமனைகளில் நடந்த பிறப்புகள் 66.9 சதவீதம் என்று வேறொரு வரி சொல்கிறது. மருத்துவமனைப் பிறப்புகள் மொத்தம் 99.6. கழித்தால் தனியாருக்கு 32.7. இப்போது ஆயிரம் பிறப்புகளை எடுத்துக்கொள்வோம். அதில் 669 அரசு மருத்துவமனையில். அவற்றில் 36 சதவீதம் சிசேரியன் என்றால், சுமார் 241. தனியாரில் 327. அவற்றில் 63.8 சதவீதம் என்றால், சுமார் 209. இரண்டையும் கூட்டினால் 450. ஆயிரத்துக்கு 449 என்பதுதான் அறிக்கையின் மொத்தக் கணக்கு, வித்தியாசம் தசமத்தைச் சுருக்கியதால் வந்தது. ஆக, நம் வாசிப்பு சரி. 450 சிசேரியன்களில் தனியாரில் நடந்தது 209, அதாவது சுமார் 46 சதவீதம். 64 இல்லை.

இந்த வித்தியாசத்தில் என்ன இருக்கிறது? தனியாருக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அறுவைசிகிச்சை நடக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பது உண்மை, அறிக்கை அதைச் சொல்கிறது. ஆனால் "சிசேரியன்களில் 64 சதவீதம் தனியாரில்" என்று எழுதிய உடனே, இது தனியார் மருத்துவமனைகளின் பிரச்சினை மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் மூன்று பிறப்புக்கு ஒன்றுக்கு மேல் சிசேரியன் என்ற செய்தி கண்ணிலிருந்து மறைகிறது. முந்தைய சுற்றில், 2015-16இல், அது 26.3ஆக இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் ஏன் 36 ஆனது என்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு வேற்றுமை உருபு இடம் மாறியதில் அந்தக் கேள்வி காணாமல் போகிறது.

தமிழின் வாக்கிய அமைப்பு மேல் பழி போடத் தேவையில்லை. 'நூற்றுக்கு' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. "தனியார் மருத்துவமனையில் பிறந்த நூறு குழந்தைகளில் சுமார் 64 பேர் சிசேரியன் மூலம் பிறந்தவர்கள்." இதில் குழப்பமே வராது. எந்தக் கூட்டத்தை நூறாக வைக்கிறோமோ அதை முதலில் சொல்லி 'இல்' போட்டு மூடிவிட வேண்டும். எதை எண்ணுகிறோமோ அது அதற்குப் பிறகு வர வேண்டும். நாம் கடைத்தெருவில் பேசுவதும் இப்படித்தான்: "பத்துல மூணு அழுகல்." அதை மறந்துவிட்டு ஆங்கில அட்டவணைத் தலைப்பின் சுருக்கத்தைத் தமிழிலும் கொண்டுவர முயலும்போதுதான் கலங்குகிறது.

நான் "குழந்தைகள்" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். "பெண்களில் 44.9 சதவீதம் பேருக்கு சிசேரியன்" என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கும் நழுவல். ஆய்வு எண்ணியது பெண்களை அல்ல, கணக்கெடுப்புக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த பிறப்புகளை. அந்தக் காலத்தில் இரண்டு முறை பெற்றவர் இரண்டு முறை வருவார், ஒருமுறையும் பெறாதவர் வரவே மாட்டார். அதனால் 44.9க்குப் பக்கத்தில் "25,650 பெண்களிடம் எடுத்த ஆய்வு" என்று போடுவதிலும் கவனம் வேண்டும். அது ஆய்வின் அளவு, இந்தக் குறிப்பிட்ட சதவீதத்தின் கீழே நிற்கும் எண் அல்ல.

ஏற்றஇறக்கத்துக்கு வருவோம். மொத்த சிசேரியன் 34.1இலிருந்து 44.9 ஆனது. இதை "10.8 சதவீதம் உயர்வு" என்று எழுதினால் தப்பு. 34.1இல் 10.8 சதவீதம் என்பது வெறும் 3.7தான். உயர்ந்தது 10.8 சதவீதப் புள்ளிகள். விகிதமாகச் சொல்ல வேண்டுமானால் சுமார் 32 சதவீத உயர்வு. 'சதவீதப் புள்ளி' காதுக்கு இன்னும் பழகவில்லை என்று பத்திரிகைகள் 'புள்ளி'யை வெட்டிவிடுகின்றன. பிடிக்கவில்லையென்றால் "நூற்றுக்கு 34ஆக இருந்தது 45 ஆகியிருக்கிறது" என்று இரண்டு எண்ணையும் சொல்லிவிடுங்கள். வாசகரே கழித்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பில் அதிகம் அடிபடுவது அட்டவணையின் நிறுத்தற்குறிகள். இந்த ஆய்வின் மாவட்டத் தாள்களைத் திறந்தால் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில கட்டங்களில் எண்ணே இல்லாமல் நட்சத்திரம் மட்டும் இருக்கும். அடைப்புக்குறி என்றால் அந்தச் சதவீதம் 25 முதல் 49 வரையிலான ஆட்களையோ பிறப்புகளையோ வைத்துப் போட்டது. நட்சத்திரம் என்றால் 25க்கும் குறைவு, அதனால் வெளியிடவில்லை. தமிழில் எடுத்தெழுதும்போது அடைப்புக்குறி அழகுக்காக நீக்கப்படும். நட்சத்திரத்துக்குப் பதில் கோடோ, சில சமயம் பூஜ்யமோ வந்து உட்காரும். மென்பொருள் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த வியாதி: மதிப்பு இல்லை என்பதும் மதிப்பு பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல.

அடைப்புக்குறியை நீக்கினால் என்ன போகிறது என்று கணக்குப் போடலாம். ஒரு மாவட்டத்தில் (60.0) என்று இருக்கிறது, அது 40 பிறப்புகளை வைத்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். எளிய முறையில் எடுத்த மாதிரி என்றே கொண்டாலும் அதன் எல்லை இருபுறமும் 15 புள்ளி. உண்மை 45 ஆகவும் இருக்கலாம், 75 ஆகவும் இருக்கலாம். பக்கத்து மாவட்டத்தில் (52.0) என்றால் இரண்டில் எது அதிகம் என்று சொல்லவே முடியாது. அடைப்புக்குறி போய்விட்டால் "சிசேரியனில் முந்தும் மாவட்டம்" என்று தலைப்பு வந்துவிடும்.

அந்த 'எல்லை'யைத் தமிழில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆயிரம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பின் அடியில், 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் இருபுறமும் 3 புள்ளி என்று ஒரு வரி இருக்கும். தமிழில் அது "இதில் 3 சதவீதம் பிழை இருக்கலாம்" என்று வரும், அல்லது "இந்தக் கணிப்பு 95 சதவீதம் உண்மை" என்று. இரண்டும் வேறு விஷயங்கள். 'பிழை' என்று படித்ததும் நமக்கு யாரோ செய்த தவறுதான் ஞாபகம் வரும். 'மாதிரிப் பிழை' என்று எழுதினால் இன்னும் விசேஷம்: பேச்சுத் தமிழில் "அந்த மாதிரி பிழை" என்றால் அப்படிப்பட்ட தப்பு என்று அர்த்தம்! நம் பாடநூல்கள் 'கூறு' என்கின்றன, அது ஓரளவு தப்பிக்கிறது, ஆனால் பத்திரிகை வாசகரிடம் அதற்கு விளக்கம் வேண்டும்.

என் பரிந்துரை, கலைச்சொல்லைத் தேடாமல் செயலைச் சொல்வது. "எல்லோரையும் கேட்காமல் ஆயிரம் பேரை மட்டும் கேட்டதால், இந்த 42 சதவீதம் 39 முதல் 45 வரை எங்கும் இருக்கலாம். இதே முறையில் நூறு தடவை கணக்கெடுத்து ஒவ்வொன்றுக்கும் இப்படி எல்லை போட்டால், சுமார் 95 தடவை அந்த எல்லைக்குள் உண்மை இருக்கும்." நீளம்தான். ஆனால் அறிக்கை முழுவதற்கும் ஒருமுறை எழுதினால் போதும். கூடவே ஒரு வரி: கேள்வியைத் திரித்துக் கேட்டதாலோ, பதில் சொல்ல மறுத்தவர்களாலோ வரும் கோளாறு இந்த 3 புள்ளிக்குள் அடங்காது.

42க்கும் 38க்கும் உள்ள இடைவெளிக்கு அந்த 3 பொருந்தாது என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரே கணிப்பில் இரண்டு கட்சிகளின் வித்தியாசத்துக்கான எல்லை ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஐந்தரை புள்ளிக்கு மேல். நாலு புள்ளி முன்னிலை அதற்குள் அடங்கிவிடுகிறது. மூலத்தில் 'முந்துவதுபோலத் தெரிகிறது' என்று இருந்தால், தமிழில் அந்த 'போல'வை வைத்திருப்பது மொழிபெயர்ப்பாளரின் கணக்கு வேலை. அதை எடுத்துவிட்டு 'முந்துகிறது' என்று போட்டால், எந்த எண்ணையும் தொடாமலேயே முடிவை மாற்றிவிட்டோம்.